ஆய்வுக் கட்டுரையைச் செக்லிஸ்ட் வைத்து எடைபோடுவது எப்படி? பிரெடிமெட் ஆய்வை வைத்து ஒரு நேர்ப் பயிற்சி

முதுநிலைப் படிப்பில் சேர்ந்ததும் ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் இதை விமரிசன நோக்கில் மதிப்பிட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். கூடவே ஒரு செக்லிஸ்டும் வரும். பலரும் செய்வது ஒன்றுதான். சுருக்கத்தைப் படித்துவிட்டு, கேள்விக்குக் கேள்வி 'ஆம்', 'ஆம்', 'தெரியவில்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போவது. பட்டியல் நிரம்பிவிடும். ஆனால் அந்தக் கட்டுரையை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்காது.

செக்லிஸ்டை உருப்படியாகப் பயன்படுத்த, ஒரு நிஜக் கட்டுரையை எடுத்து முழுக்கப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. நான் எடுத்துக்கொள்வது பிரெடிமெட். ஸ்பெயினில் நடந்த ஆய்வு. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று சோதித்தது. பெரிய இதழ், 7,447 பேர், தெளிவான முடிவு. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஆசிரியர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய பதிப்பை அதே இதழில் வெளியிட்டார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல கட்டுரை கிடைப்பது கஷ்டம்.

முதலில் எந்தப் பட்டியல்?

கட்டுரையின் தலைப்பைப் பார்த்துப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆய்வுமுறைப் பகுதியைப் படித்து, ஆய்வின் வடிவம் என்ன என்று கண்டுபிடித்த பிறகே பட்டியலை எடுக்க வேண்டும். ஆய்வாளர்களே ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஏதாவது கொடுத்தார்களா? அப்படியானால் அது சமவாய்ப்புச் சோதனை. ஏற்கெனவே ஆலிவ் எண்ணெய் சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்களா? அது கோஹார்ட் ஆய்வு. இரண்டுக்கும் வேறு வேறு பட்டியல்.

பிரெடிமெட் முதல் வகை. பிரிட்டனின் காஸ்ப் அமைப்பு சமவாய்ப்புச் சோதனைக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 11 கேள்விகள் கொண்ட பதிப்பு இந்த வேலைக்குப் போதும். ஆஸ்திரேலியாவின் ஜேபிஐ அமைப்பு வெளியிடும் பட்டியலையும் எடுக்கலாம். கேள்விகளின் வரிசை மாறும், சாரம் ஒன்றுதான்.

பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், கட்டுரை என்ன சொல்கிறது என்பதைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். இரண்டாவதில், என்ன சொல்லவில்லை என்று. மூன்றாவதுதான் முக்கியம்: இந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும்? பலனைக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா, அல்லது எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாதா? டிக் அடிப்பதற்கும் மதிப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

கேள்வி தெளிவாக இருக்கிறதா?

ஆசிரியர்களின் கேள்வியை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். யாருக்கு, என்ன கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள் என்ற நான்கும் அதில் வர வேண்டும்.

பிரெடிமெட்டுக்கு அது இப்படி இருக்கும். 55 முதல் 80 வயது வரையுள்ள ஆண்கள், 60 முதல் 80 வரையுள்ள பெண்கள். இதயநோய் இன்னும் வரவில்லை, ஆனால் சர்க்கரை நோயோ வேறு சில ஆபத்துக் காரணிகளோ இருக்கின்றன. மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு மத்தியதரை உணவு ஆலோசனையோடு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் முதல்தர ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு குழுவுக்கு அதே ஆலோசனையோடு தினம் 30 கிராம் பருப்புகள்: வால்நட், ஹேசல்நட், பாதாம். மூன்றாவது ஒப்பீட்டுக் குழு. கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள், உணவுப்பொருள் அல்லாத சிறு பரிசுகள் கொடுத்தார்கள். எண்ணியது, மாரடைப்பு, பக்கவாதம், இதய ரத்தநாள நோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே கூட்டு விளைவு.

எழுதிவிட்டீர்களா? சரி, இப்போது ஒப்பீட்டுக் குழு நிஜமாக என்ன சாப்பிட்டது என்று உணவு அட்டவணையில் தேடுங்கள். ஆய்வின் தொடக்கத்தில் அவர்கள் சாப்பிட்ட கலோரியில் 39 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது. முடிவில் 37. அதாவது 'குறைந்த கொழுப்பு உணவு' என்ற பெயர்தான் இருந்தது, உணவு பெரிதாக மாறவில்லை. அப்படியானால் இந்த ஆய்வு மத்தியதரை உணவைக் குறைந்த கொழுப்பு உணவோடு ஒப்பிடவில்லை. கூடுதல் எண்ணெயும் பருப்பும் கவனிப்பும் கிடைத்தவர்களை, ஏறக்குறைய பழைய ஸ்பானிய உணவிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டது. 'கேள்வி தெளிவா?' என்ற இடத்தில் வெறும் 'ஆம்' போட்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

குலுக்கல் ஒழுங்காக நடந்ததா?

இந்தக் கேள்விக்கு நிறைய நேரம் கொடுங்கள். சமவாய்ப்புச் சோதனையின் பலம் முழுக்க இதில்தான் நிற்கிறது. குலுக்கல் சரியாக இருந்தால், குழுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் கொடுத்த உணவால் வந்தது என்று சொல்ல முடியும். இல்லையென்றால் அது எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

பார்க்க வேண்டியவை மூன்று. வரிசையை எப்படி உருவாக்கினார்கள்: கணினியா, அட்டவணையா, அல்லது ஒன்றுவிட்டு ஒன்றா? அடுத்தது யாருக்கு எந்தக் குழு என்பது ஆளைச் சேர்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரியாமல் மறைக்கப்பட்டிருந்ததா? அப்புறம், குலுக்கிப் போட்டது யாரை: தனி நபரையா, குடும்பத்தையா, ஊரையா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை.

2013 கட்டுரை தனி நபர்களைக் குலுக்கிப் பிரித்ததாகச் சொன்னது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் இங்கே 'ஆம்' போட்டிருப்பார்கள். 2017-இல் ஜான் கார்லைல் என்ற இங்கிலாந்து மயக்கவியல் மருத்துவர் 5,000-க்கும் மேற்பட்ட சோதனைகளின் தொடக்கநிலை அட்டவணைகளைப் புள்ளியியல் ரீதியாக ஆராய்ந்தார். குலுக்கல் உண்மையாக நடந்திருந்தால் வராத அளவுக்குக் குழுக்கள் வேறுபடுகின்றனவா, அல்லது நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றனவா என்பதே அவர் பார்த்தது. சந்தேகத்துக்குரிய பட்டியலில் பிரெடிமெட்டும் வந்தது. ஆசிரியர்கள் தங்கள் பதிவேடுகளைத் தோண்டினார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாகச் சேர்ந்தவரைக் குலுக்காமல், முதலாமவரின் குழுவிலேயே போட்டிருந்தது தெரிந்தது. ஓர் ஆய்வு மையத்தில் தனி நபர்களுக்குப் பதிலாக முழு மருத்துவ நிலையங்களையே குழுக்களாக ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்ணெய் இலவசமாக வருகிறது, நமக்கு வரவில்லையே என்று சிற்றூரில் மனக்குறை எழுந்ததே இதற்குக் காரணம் என்று பின்னர் விளக்கம் வந்தது.

இதில் மோசடி எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே சமையலைச் சாப்பிடுகிறவர்கள். ஒருவரை எண்ணெய்க் குழுவிலும் மற்றவரை ஒப்பீட்டுக் குழுவிலும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் கணக்கில் அதற்கு விலை உண்டு. ஒரே வீட்டு இருவர் இரண்டு தனித்தனி ஆட்களாக நடந்துகொள்வதில்லை. அவர்களைத் தனித்தனியாக எண்ணினால், நம்மிடம் உள்ள தகவல் உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று தோன்றும், உண்மை மதிப்பு எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளி பொய்யாகக் குறுகும். ஊர் முழுவதும் ஒரே குழுவுக்குப் போனால் இன்னும் மோசம்: அந்த ஊருக்கே உரிய பழக்கவழக்கங்கள் எல்லாம் அந்தக் குழுவின் கணக்கில் ஏறிவிடும்.

2013-இல் ஒரு சாதாரண வாசகர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முழுக்க முடியாது. ஆனால் ஒரு சிறு வாசனையாவது அடித்திருக்கும். முதல் அட்டவணையைப் பாருங்கள். பெண்களின் பங்கு எண்ணெய்க் குழுவில் 58.7 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 59.7, பருப்புக் குழுவில் 54.0. ஒவ்வொரு குழுவிலும் கிட்டத்தட்ட 2,500 பேர் இருக்கும்போது, வெறும் குலுக்கலால் இரண்டு குழுக்களுக்கு இடையே 3 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வருவது அரிது. இங்கே கிட்டத்தட்ட 6. இதனால் மட்டும் கட்டுரையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது கட்டத்தில் "குலுக்கல் சொன்னபடி நடந்ததா என்று கேட்க வேண்டும்" என்று எழுத இது போதும். சிறிய ஆய்வில் இதே 6 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தால் பதற வேண்டாம். குழுவுக்கு 50 பேர் என்றால் அது சர்வசாதாரணம்.

சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கணக்கு இருக்கிறதா?

பங்கேற்பாளர் ஓட்ட வரைபடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள்? மொத்த எண்ணிக்கையைவிடக் குழுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பிரெடிமெட்டில் மத்தியதரைக் குழுக்களில் விட்டுப் போனவர்கள் 4.9 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 11.3. இரண்டு மடங்குக்கு மேல். எண்ணெயும் பருப்பும் வீடு தேடி வருகிறவர் ஆய்வில் நீடிப்பார். அறிவுரை மட்டும் கிடைப்பவர் போய்விடுவார். புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

இந்த வித்தியாசம் எங்கே போய் இடிக்கிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குழுவில் 2,543 பேர், 96 நிகழ்வுகள்: 3.8 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 2,450 பேர், 109 நிகழ்வுகள்: 4.4 சதவீதம். 3.8-ஐ 4.4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.86. அதாவது 14 சதவீதக் குறைவு. ஆனால் கட்டுரை சொல்வது 30 சதவீதக் குறைவு. எங்கிருந்து வந்தது மீதி?

பின்தொடர்ந்த காலத்திலிருந்து. கட்டுரை நிகழ்வுகளை ஆட்களால் வகுக்கவில்லை, ஆள்-ஆண்டுகளால், அதாவது ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்திருக்கிறது. எண்ணெய்க் குழுவில் 11,852 ஆள்-ஆண்டுகள், ஒப்பீட்டுக் குழுவில் 9,763. ஒரு ஆளுக்கு முறையே சுமார் 4.7 ஆண்டும் 4 ஆண்டும். ஒப்பீட்டுக் குழுவினர் குறைந்த காலமே கண்காணிப்பில் இருந்தார்கள், அதற்குள்ளேயே அத்தனை நிகழ்வுகள் வந்துவிட்டன என்பது ஆசிரியர்களின் கணக்கு. இந்த முறை தவறில்லை; காலம் மாறும்போது ஆள்-ஆண்டில் எண்ணுவதுதான் முறை. ஆனால் அது ஓர் அனுமானத்தை நம்பி நிற்கிறது: கண்காணிப்பை விட்டுப் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் ஆபத்து ஒரே மாதிரி இருந்தது என்ற அனுமானம். விட்டுப் போனவர்கள் ஆரோக்கியமானவர்களாக இருந்திருந்தால், ஒப்பீட்டுக் குழுவின் ஆபத்து கூடித் தெரியும், எண்ணெயின் பலனும் கூடித் தெரியும். நோயாளிகளாக இருந்திருந்தால் நேர் எதிர். எழுத வேண்டியது அவ்வளவுதான்: "விடுபட்டவர்கள் சமமில்லை, திசை நிச்சயமில்லை, பலனின் பாதி அளவு இதைச் சார்ந்திருக்கிறது."

மறைப்பும், மற்ற கவனிப்பும்

எண்ணெய் பாட்டிலை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. அதனால் 'பங்கேற்பாளர்களுக்குத் தெரியாமல் இருந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. உணவு ஆய்வில் அது இயல்பு. அடுத்த கேள்விதான் பயனுள்ளது: நிகழ்வை உறுதிசெய்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? தெரியாது. மாரடைப்பா இல்லையா என்று தீர்மானித்த குழு, ஒதுக்கீடு தெரியாமலேயே ஆவணங்களைப் பார்த்தது. அங்கே தைரியமாக 'ஆம்' போடலாம்.

குழுக்களை ஒரே மாதிரி கவனித்தார்களா என்பதில்தான் சிக்கல். மத்தியதரைக் குழுவினரை உணவு ஆலோசகர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்தித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குத் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான் கிடைத்தது. 2006 அக்டோபரில் நெறிமுறையைத் திருத்தி, அவர்களுக்கும் அதே அளவு சந்திப்புகள் கொடுத்தார்கள். அதுவரை, ஒரு குழுவுக்கு உணவோடு சேர்த்து அடிக்கடி விசாரிப்பும் கிடைத்தது. அதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது பலனைக் கூட்டிக் காட்டும் திசையில் சாயக் கூடிய குறை.

முடிவு எவ்வளவு பெரியது, எவ்வளவு துல்லியம்?

இங்கே பி மதிப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எண்ணெய்க் குழுவின் ஆபத்தை ஒப்பீட்டுக் குழுவின் ஆபத்தோடு ஒப்பிடும் இடர் விகிதம் 0.70, நம்பக இடைவெளி 0.54 முதல் 0.92 வரை. இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆபத்து கிட்டத்தட்ட பாதியளவு குறைந்திருக்கலாம், வெறும் 8 சதவீதம் மட்டும் குறைந்திருக்கலாம், தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அடுத்து, விகிதத்தை ஆள் கணக்காக மாற்றுங்கள். 1,000 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் ஒப்பீட்டுக் குழுவில் 11.2 நிகழ்வு, எண்ணெய்க் குழுவில் 8.1. வித்தியாசம் மூன்று பேர். '30 சதவீதம் குறைவு' என்பதும் 'ஆண்டுக்கு ஆயிரத்தில் மூன்று பேர் குறைவு' என்பதும் ஒரே முடிவுதான். மதிப்பீட்டில் இரண்டையும் எழுத வேண்டும், நோயாளியிடம் பேசும்போது இரண்டாவதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டு விளைவையும் பிரித்துப் பாருங்கள். தனியாக எடுத்தால் தெளிவான குறைவு பக்கவாதத்தில் மட்டும்தான்: ஒப்பீட்டுக் குழுவில் 58, எண்ணெயில் 49, பருப்பில் 32. மாரடைப்பிலும் மரணத்திலும் புள்ளியியல் ரீதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே "ஆலிவ் எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கிறது என்று பிரெடிமெட் நிரூபித்தது" என்று யாராவது எழுதினால், அவர் இந்த அட்டவணையைப் பார்க்கவில்லை.

இன்னொன்று: ஆய்வு இடைக்காலப் பகுப்பாய்வில் பலன் தெரிந்ததும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தும் ஆய்வுகள் பலனை மிகைப்படுத்திக் காட்டும் போக்கு உள்ளவை. தற்செயலாக முடிவு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நிறுத்த வாய்ப்பு அதிகம் என்பதே காரணம்.

நம் ஆட்களுக்குப் பொருந்துமா?

இதற்கு ஒரு பத்தி போதும். பங்கேற்றவர்கள் ஏற்கெனவே ஆலிவ் எண்ணெயில் சமைத்துப் பழகிய ஸ்பானிய முதியவர்கள். அவர்களிடம் தெரிந்த பலன், நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் சமைக்கும் மதுரைக்காரருக்கோ யாழ்ப்பாணத்துக்காரருக்கோ அதே அளவு வருமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. 'பொருந்தாது' என்று எழுதிவிடக் கூடாது. 'இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது' என்று எழுதுங்கள்.

மதிப்பீட்டை எழுதும் விதம்

டிக்குகளைக் கூட்டி '11-க்கு 8' என்று மதிப்பெண் போடாதீர்கள். குலுக்கலில் விழும் ஓட்டையும், மறைக்க முடியாத எண்ணெய் பாட்டிலும் ஒரே எடை உள்ளவை அல்ல. மூன்றாவது கட்டத்தில் எழுதியவற்றில் முடிவையே அசைக்கக் கூடிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்து ஒரு பத்தியாக எழுதுங்கள். பிரெடிமெட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"பெரிய ஆய்வு, நிகழ்வுகளை உறுதிசெய்தவர்களுக்கு ஒதுக்கீடு தெரியாது. ஆனால் பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினர் தனித்தனியாகக் குலுக்கப்படவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் விடுபட்டவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். தொடக்க ஆண்டுகளில் அவர்களுக்குக் கவனிப்பும் குறைவு. பக்கவாதம் குறைந்தது என்பதற்கு ஓரளவு நம்பகமான சான்று. மாரடைப்புக்கும் மரணத்துக்கும் சான்று இல்லை. பலனின் அளவு மிகைப்பட்டிருக்கலாம்."

எழுதி முடித்ததும், ஒப்படைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. கட்டுரையின் தலைப்பை மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் தேடி, திரும்பப் பெற்ற அறிவிப்போ திருத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் அந்த அறிவிப்பு இருக்காது. 2013 பிரெடிமெட் இன்றும் பலருடைய கோப்புகளில் கிடக்கிறது. மேற்கோள் காட்ட வேண்டியது 2018 ஜூனில் வந்த பதிப்பை. அதில் ஒதுக்கீடு விதிப்படி நடக்கவில்லை என்று தெரிந்த அல்லது சந்தேகப்பட்ட 1,588 பேரை நீக்கியும் கணக்குப் போட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. எல்லோரையும் சேர்த்த முதன்மைக் கணக்கில் எண்ணெய்க் குழுவின் இடர் விகிதம் 0.69. எண் ஏறக்குறைய அதேதான். வாக்கியம் மாறியிருக்கிறது: முதல் பதிப்பின் முடிவுரை உணவு நிகழ்வுகளைக் குறைத்தது என்றது, புதிய பதிப்பு, அந்த உணவு ஒதுக்கப்பட்டவர்களிடம் நிகழ்வுகள் குறைவாக இருந்தன என்று மட்டும் சொல்கிறது. இரண்டு சுருக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்து, உங்கள் மூன்றாவது கட்டத்தில் எழுதியவற்றில் எது அந்த மாற்றத்தை விளக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.